ஆய்வு எழுதும் கலை – 9: கூட்டை எண்ணினால் அணிலை எண்ணியதாகுமா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கிறவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் சாம்பல் நிற மலை அணிலிடம் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். செண்பகத்தோப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1988-ல் இந்த அணிலுக்காகவே சரணாலயம் அறிவிக்கப்பட்டு, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்துவிட்ட காடு அது. ஜஸ்டஸ் ஜோஷுவாவும் ஏ.ஜே.டி. ஜான்சிங்கும் 1994-ல் ‘பயலாஜிக்கல் கன்சர்வேஷன்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கிப் படிக்க நிறையவே கிடைக்கும். படித்ததைத் தன் ஆய்வேட்டில் தன் மொழியில் எழுத வேண்டிய இடத்தில்தான் பலருக்குக் கை ஓடுவதில்லை.

அதை இந்த வாரம் ஒரே ஒரு பத்தியை வைத்துப் பார்ப்போம். கீழே இருப்பது எந்த ஆய்விதழிலும் வந்ததல்ல. ஆய்விதழ்களின் இறுக்கமான நடையில், பயிற்சிக்காக நான் எழுதியது. ஒருமுறை மெதுவாகப் படியுங்கள்.

“பரந்த நிலப்பரப்பில் சாம்பல் நிற மலை அணிலின் எண்ணிக்கையை மதிப்பிட, கூடுகளின் அடர்த்தி ஒரு மறைமுகக் குறியீடாகப் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. ஆயினும், ஒரே அணில் ஒரே காலத்தில் பல கூடுகளைப் பராமரிப்பதாலும், கைவிடப்பட்ட கூடுகள் சில காலம் சிதையாமல் நிற்பதாலும், கூடு–அணில் விகிதம் வாழிடங்களுக்கிடையே மாறாதிருக்கும் என்ற அனுமானம் சோதிக்கப்படாதவரை, ஆற்றோரக் காடுகளில் பதிவாகும் உயர் கூட்டடர்த்தி, உயர் அணிலடர்த்தியை அன்றி, விதானத் தொடர்ச்சி வழங்கும் கூடமைப்பு வாய்ப்பை மட்டுமே பிரதிபலிக்கக்கூடும். எனவே கூட்டுக் கணக்கெடுப்பை வாழிடப் பயன்பாட்டின் குறியீடாகக் கொள்வது ஏற்புடையது. எண்ணிக்கையின் குறியீடாகக் கொள்வதற்கு விகிதத்தைத் தனியே அளவிடுதல் அவசியம்.”

இதைப் பெரும்பாலானோர் எழுதுகிற விதம் இப்படி இருக்கும்: “பெரிய நிலப்பகுதியில் சாம்பல் நிற மலை அணிலின் தொகையைக் கணிக்க, கூட்டடர்த்தி ஒரு நேரடியற்ற அளவுகோலாகப் பரவலாகக் கையாளப்படுகிறது. ஆனால் ஒரே அணில் பல கூடுகளை வைத்திருப்பதால், ஆற்றோரக் காடுகளில் காணும் அதிகக் கூடுகள் அதிக அணில்களைக் காட்டுவதில்லை. மரங்களின் தொடர்ச்சியையே காட்டுகின்றன.”

சொற்கள் மாறியிருக்கின்றன. வாக்கியங்களின் எலும்பு அப்படியே இருக்கிறது. ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-களில் இந்த வகை எழுத்துக்கு ‘பேட்ச்ரைட்டிங்’ என்று பெயர் வைத்தார். ஏமாற்றும் நோக்கத்தைவிட, மூலத்தைப் பிடிக்க முடியாத தடுமாற்றமே பல நேரம் இதற்குக் காரணம் என்பது அவர் வாதம். நான் பார்த்தவரையில் அது சரி. இந்த மாதிரியிலேயே அதைக் காட்ட முடியும். மூலம் ‘பிரதிபலிக்கக்கூடும்’ என்று சொன்ன இடத்தில் இவர் ‘காட்டுவதில்லை’ என்று தீர்ப்பே எழுதிவிட்டார். ‘சோதிக்கப்படாதவரை’ என்ற நிபந்தனை காணாமல் போய்விட்டது. திருட்டைத் தேடும் மென்பொருள் ஒருவேளை இதை விட்டுவிடலாம். துறை தெரிந்த தேர்வாளர் விடமாட்டார்.

முதலில் செய்ய வேண்டியது, பத்தி எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பது. ‘எனவே’ வரும் இடத்தில் விரலை வையுங்கள். எண்ணிக்கைக்குக் கூட்டுக் கணக்கு போதாது, வாழிடப் பயன்பாட்டுக்குப் போதும் என்பதே முடிவு. அங்கிருந்து பின்னோக்கி வந்து, இது யாருக்குச் சொல்லும் பதில் என்று கேளுங்கள். கூட்டை எண்ணிவிட்டு ‘ஆற்றோரத்தில் அணில் அதிகம்’ என்று எழுதுகிறவர்களுக்குச் சொல்லும் பதில். எதிராளி யார் என்று தெரிந்துவிட்டால் பாதி இறுக்கம் தளர்ந்துவிடும். பத்திக்குள் எதிராளி தெரியவில்லையென்றால், அதற்கு முந்தைய பத்தியில் இருப்பார். ஒரு பத்தியை மட்டும் நறுக்கி எடுத்துப் படிக்காதீர்கள்.

அடுத்து அந்த நீண்ட நடு வாக்கியம். அதில் காரணங்கள் இரண்டு, நிபந்தனை ஒன்று, விளைவு ஒன்று என நான்கு துண்டுகள் இருக்கின்றன. தாளில் தனித்தனி வரியாக எழுதி, எது எதைத் தாங்குகிறது என்று அம்புக்குறி போடுங்கள். நிபந்தனையில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். அதனால் அங்கே கொஞ்சம் நிற்போம்.

கூடு–அணில் விகிதம் மாறாதிருத்தல் என்பதைச் சொல்லாக வைத்துக்கொண்டு புரிந்துகொள்ள முடியாது. எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆற்றோரத் துண்டு ஒன்றில் 12 கூடு, அதே பரப்புள்ள மலைச்சரிவில் 6 கூடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் அணிலுக்கு 3 கூடு என்றால், ஆற்றோரத்தில் 4 அணில், சரிவில் 2 அணில். கூடும் இரு மடங்கு, அணிலும் இரு மடங்கு; கூட்டை எண்ணியவர் சொன்னது சரி. இப்போது ஆற்றோரத்தில் அணிலுக்கு 4 கூடு, சரிவில் 2 கூடு என்று மாற்றுங்கள். இங்கே 3, அங்கேயும் 3, வித்தியாசமே இல்லை. ஆற்றோரத்தில் அணிலுக்கு 6 கூடு என்று ஏற்றினால், அங்கே 2 அணில்தான், சரிவில் 3. கணக்கு தலைகீழாகிவிட்டது. இவை நான் போட்ட எண்கள். களத்தில் எடுத்தவை அல்ல. ஆனால் வாதத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை இவை காட்டிவிடுகின்றன. ஓர் அணில் பல கூடு கட்டுவது மட்டும் ஒரு சிக்கலே இல்லை. எல்லா இடத்திலும் ஒரே அளவில் கட்டினால், கூட்டை எண்ணி இடங்களைத் தாராளமாக ஒப்பிடலாம். இடத்துக்கு இடம் அந்த அளவு மாறினால்தான் சிக்கல். காலியான கூடு நிற்பதற்கும் இதே கணக்குதான்: ஓரிடத்தில் சீக்கிரம் உதிர்ந்து, இன்னோரிடத்தில் நீண்ட காலம் நின்றால் ஒப்பீடு கெடும்.

மேலே பார்த்த மாதிரியில் ‘ஒரே அணில் பல கூடுகளை வைத்திருப்பதால்’ என்று மட்டும் எழுதியிருந்ததே, அந்தக் காரணம் தனியாக நிற்காது என்பது இப்போது தெரிகிறது. எழுதியவருக்கு மொழி தெரியும்; வாதம் கைக்கு வரவில்லை.

ஆற்றோரத்தில் விகிதம் ஏன் மாறக்கூடும்? இந்த அணில் கிளைவிட்டுக் கிளை தாவி, மரத்தின் மேலேயே வாழும் பிராணி. கவட்டையில் குச்சியும் இலையும் வைத்துக் கூடு கட்டும். கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும் இடத்தில் எந்தப் பக்கமும் தப்பிப் போகலாம் என்பதால், கட்டுவதற்குத் தோதான மரங்கள் அங்கே அதிகம். ‘விதானத் தொடர்ச்சி வழங்கும் கூடமைப்பு வாய்ப்பு’ என்று பத்தி சொல்வது இதைத்தான். ஓர் இறுகிய தொடரைப் படிக்கும்போது மனத்தில் ஒரு மரம் எழவில்லையென்றால் அது இன்னும் புரியவில்லை என்று கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகு கட்டுரையை மூடிவிட்டு, துறைக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. ஒரு மாணவி, மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் தன் மாமாவிடம் சொன்னார். அவர் கேட்டது: “அப்போ கூட்டை எண்ணுறதே வீண் வேலைதானாம்மா?”

“வீண் இல்ல மாமா. அணில் எந்த எடத்தைப் பயன்படுத்துதுன்னு கூடு சொல்லும். எத்தனை அணில்னுதான் சொல்லாது.”

“ஒரு அணிலுக்கு எத்தனை கூடுன்னு பார்த்துட்டா?”

“அப்போ சொல்லிரும்.”

பத்தியின் கடைசி இரண்டு வாக்கியங்களும் இந்தப் பேச்சில் வந்துவிட்டன. அவர் கேட்டிராவிட்டால் அவற்றில் முதலாவதை மாணவி விட்டே போயிருப்பார்; பத்தி கூட்டுக் கணக்கெடுப்பையே மறுக்கிறது என்று எழுதியிருப்பார். கேள்விக்குப் பதில் வராமல் திணறினால், கட்டுரையைத் திறந்து அந்த இடத்தை மட்டும் மறுபடி படிக்கலாம். பிறகு மூடிவிட வேண்டும்.

எழுதும்போது முன்னால் இருக்க வேண்டியது அம்புக்குறி போட்ட அந்தத் தாள் மட்டுமே. மூலம் தொடங்கிய இடத்தில் தொடங்காதீர்கள். உங்கள் ஆய்வேட்டுக்கு அந்த வாதத்தில் எது தேவையோ அதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு வாழிடங்களை ஒப்பிடுகிற ஆய்வு என்றால், ஒப்பீடே வாசல். அப்படி எழுதியது இது:

“இரண்டு வாழிடங்களில் கூடுகளை எண்ணி, எதில் அணில் அதிகம் என்று சொல்ல வேண்டுமானால், ஓர் அணிலுக்கு எத்தனை கூடு என்பது இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். இதை அளந்து பார்க்காதவரை, ஆற்றோரத்தில் கூடு மிகுந்திருப்பதற்கு, அங்கே மரக்கிளைகள் இணைந்திருப்பதால் கூடு கட்ட இடம் அதிகம் என்பதே காரணமாக இருக்கலாம். பழைய கூடுகளும் கணக்கில் சேர்ந்திருக்கலாம். அணில்கள் எந்த இடத்தைப் பயன்படுத்துகின்றன என்பதற்குக் கூடு நல்ல சான்று; எத்தனை அணில் என்பதற்கு அந்த விகிதத்தையும் அளந்தாக வேண்டும் (ஆசிரியர் பெயர், ஆண்டு).”

இப்போதுதான் மூலத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் உறுதியின் அளவைப் பாருங்கள்: அவர் ‘கூடும்’ என்றதை நீங்கள் ‘இருக்கலாம்’ என்றே நிறுத்தியிருக்கிறீர்களா? பிறகு எல்லையைப் பாருங்கள்: ஆற்றோரத்துக்குச் சொன்னது காடு முழுமைக்கும் விரிந்துவிட்டதா? அப்புறம்தான் சொற்கள். அணிலின் பெயர், கூடு, வாழிடம், விகிதம் போன்றவை இரண்டிலும் வரத்தான் செய்யும். கலைச்சொல்லுக்கு மாற்றுச்சொல் தேடினால் பொருள் கெடும். கலைச்சொல் அல்லாத நான்கைந்து சொற்கள் அதே வரிசையில் வந்திருந்தால், அந்த இடத்தில் நினைவு எழுதியிருக்கிறது, புரிதல் எழுதவில்லை. சொல்லை மாற்றிச் சரிக்கட்டாமல் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு வாயால் சொல்லி எழுதுங்கள்.

மூலத்தைவிட நம் பத்தி நீண்டுவிட்டால் கவலை வேண்டாம். இறுக்கமான பத்தியை அவிழ்த்தால் நீளும். சுருக்குவது வேறு வேலை. வரையறை, சட்ட வாசகம், ஆசிரியர் சொல்லிய விதமே முக்கியமான வரி ஆகியவற்றை இப்படி மாற்றி எழுத முயலாதீர்கள். மேற்கோள் குறிக்குள் அப்படியே கொடுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் நம் மாணவர்களுக்குத் தெரிந்தவைதான். ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இந்த எண்ணைக் குறைக்கத்தான் பலரும் சொல் மாற்றுகிறார்கள். சதவீதம் சொற்களை எண்ணிச் சொல்வது. விட்டுப்போன ‘சோதிக்கப்படாதவரை’யை அது கண்டுபிடிக்காது. மூலத்தின் பெயரைக் குறிப்பிடாமல் விட்டால், எவ்வளவு அழகாக மாற்றி எழுதினாலும் அது களவுதான். கருத்து அவருடையது.

எல்லாம் செய்தும் ஒரு பத்தி பிடிபடவில்லையென்றால், அது சுட்டும் முந்தைய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். அதற்கும் பிடி கொடுக்காத பத்தியை உங்கள் ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள். வாய்மொழித் தேர்வில் கேள்வி வருவது அங்கேதான்.