ஒரே பாஸ்வேர்டா, ஆளுக்கொரு பாஸ்வேர்டா?

அலுவலக ரவுட்டரின் வைஃபை செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியைத் திறந்தால் WPA2-Personal, WPA2-Enterprise என்று இரண்டு பெயர்கள் கண்ணில் படும். புது ரவுட்டரில் WPA3 என்றும் இருக்கும். ‘என்டர்பிரைஸ்’ என்றால் கூடுதல் பாதுகாப்புதானே என்று அதைத் தேர்ந்தெடுத்தால், ரேடியஸ் சர்வரின் ஐ.பி. முகவரி, போர்ட் எண், ரகசியச் சொல் ஆகியவற்றைக் கேட்டு ரவுட்டர் அங்கேயே நிறுத்திவிடும்.

WPA2-வில் இரண்டு முறைகளுமே காற்றில் போகும் தகவலை ஏ.இ.எஸ். என்ற ஒரே முறையில்தான் பூட்டுகின்றன. உள்ளே வருபவர் யார் என்று பார்ப்பதில்தான் வித்தியாசம். பர்சனலில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட். அது தெரிந்தவரெல்லாம் உள்ளே வரலாம். என்டர்பிரைஸில் ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் உண்டு. அவற்றை ரவுட்டர் தானே சரிபார்ப்பதில்லை, ரேடியஸ் சர்வர் என்ற தனி மென்பொருளிடம் கேட்கிறது. அந்த மென்பொருள் ஓடுவதற்கு எப்போதும் அணையாத ஒரு கணினி வேண்டும்.

ஆறு பேர் வேலை செய்யும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு லேப்டாப், ஆறு போன், ஒரு பிரிண்டர், இரண்டு கேமரா, ஒரு வருகைப்பதிவு மெஷின். எல்லாம் ஒரே வைஃபையில் இருக்கின்றன. ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் பாஸ்வேர்ட் அவர் போனில் இருக்கிறது. பல போன்களில் வைஃபையைப் பகிரக் காட்டும் க்யூ.ஆர். படத்துக்குள் இருப்பது இதுதான்:

```
WIFI:T:WPA;S:AuditOffice;P:office2021;;
```

P: என்பதற்குப் பின்னால் பாஸ்வேர்ட் அப்படியே, பூட்டில்லாமல் இருக்கிறது. அதை ஒருமுறை படம் எடுத்தவர் தெருவில் நின்றே இணையலாம். WPA2-Personal என்றால் இன்னொரு சங்கடமும் உண்டு. பாஸ்வேர்ட் தெரிந்தவர், இன்னொரு கருவி வைஃபையில் இணையும் தருணத்தைப் பதிவு செய்துகொண்டால் அந்தக் கருவியின் போக்குவரத்தைப் பிரித்துப் படிக்க முடியும். வங்கித் தளம் தனியே பூட்டப்பட்டிருப்பதால் தப்பிக்கும். பிரிண்டருக்குப் போகும் வாடிக்கையாளரின் கணக்குத்தாள் பெரும்பாலும் தப்பாது. WPA3-Personal இந்த ஒட்டுக்கேட்பை அடைத்துவிடுகிறது. ஆனால் போனவருக்கும் பாஸ்வேர்ட் தெரியும் என்பது அதிலும் மாறாது.

எனவே பாஸ்வேர்டை மாற்றியே ஆகவேண்டும். மாற்றினால் மீதி 15 கருவிகளிலும் புதிதாகப் போடவேண்டும். கேமராவுக்கு ஏணி வைத்து ஏறவேண்டும். அதனால்தான் யாரும் மாற்றுவதில்லை. பர்சனல் முறையின் உண்மையான பலவீனம் இந்த அலுப்புதான்.

என்டர்பிரைஸில் போனவரின் பெயரை மட்டும் நீக்கினால் போதும். மற்றவர்களுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. ஏற்கெனவே இணைந்திருக்கும் கருவி மட்டும் அடுத்த சரிபார்ப்பு வரை உள்ளே இருக்கலாம் என்பதால், வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுவது நல்லது. ஆனால் விலை வேறு இடத்தில் இருக்கிறது. சர்வர் படுத்துவிட்டால் புதிதாக யாரும் இணைய முடியாது. அதன் சான்றிதழ் காலாவதியானால் ஒரு காலையில் எல்லா லேப்டாப்பும் வெளியே நிற்கும். சாதாரணப் பிரிண்டர், கேமரா பலவற்றுக்கு இந்த முறையே தெரியாது. அவற்றுக்காகத் தனியே ஒரு பர்சனல் வைஃபை வைக்கவேண்டி வரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, அரைகுறையாகச் செய்வது. லேப்டாப்பும் போனும் இணையும்போது சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும். தொல்லை என்று அதைத் தவிர்த்துவிட்டால், அதே பெயரில் ஒருவர் போலி வைஃபை வைக்கும்போது ஊழியரின் கருவி அதை நம்பிக் கதவைத் தட்டும். பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கப் போதுமான தகவல் அவர் கைக்குப் போய்விடும். அலுவலக மெயிலுக்கும் அதே பாஸ்வேர்ட் என்றால் மெயிலும் போயிற்று. இப்படி வைத்த என்டர்பிரைஸைவிட ஒழுங்காக வைத்த பர்சனலே மேல்.

ஆறு பேர் அலுவலகத்தில் அந்த ஒழுங்கு கைக்கு எட்டியதுதான். பிரிண்டர், கேமரா, வருகைப்பதிவு மெஷின் ஆகியவற்றில் கேபிள் போட வசதியுள்ளவற்றைக் கேபிளுக்கு மாற்றிவிடலாம். எல்லோருடைய போனையும் ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்குக்கு அனுப்பலாம். அங்கிருந்து இன்டர்நெட் மட்டும் கிடைக்கும், அலுவலகக் கோப்புகளுக்கு வழி இருக்காது. எல்லாவற்றிலும் கேபிள் வசதி இருந்தால் முதன்மை வைஃபையில் மிஞ்சுவது ஆறு லேப்டாப் மட்டுமே. பாஸ்வேர்டை உரிமையாளரே தட்டச்சு செய்தால், பாஸ்வேர்ட் வாய்வழியாகப் பரவாது. ஒருவர் விலகும் நாளில் மாற்றும் வேலை தேநீர் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஊழியர்கள் இருபதைத் தாண்டி, மாதாமாதம் ஆள் வந்து போய், சர்வரைக் கவனிக்கவென்று ஒருவர் பொறுப்பிலும் இருந்தால் என்டர்பிரைஸுக்குப் போகலாம். அதுவரை WPA3-Personal போதும். பழைய லேப்டாப் அதில் இணைய மறுத்தால் WPA2/WPA3 கலப்பு முறையை வைத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்ட் 16 எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், WPS அணைந்திருக்கட்டும். கடைசியாக ஒருவர் வேலையை விட்டுப் போன பிறகு உங்கள் அலுவலக வைஃபை பாஸ்வேர்டை மாற்றவில்லை என்றால், இன்றே மாற்றிவிடுங்கள்.