தடைப்படும் பேச்சும் தடம்புரளும் பேச்சும்

பாரிசு நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்றொரு நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் "தான், தான்" என்னும் ஓரசையே அவரிடமிருந்து வரும். 1861 ஏப்ரலில் அவரைப் பரிசோதித்தவர் அறுவை மருத்துவர் பால் புரோக்கா. "இங்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின?" என்று கேட்டபோது, லெபோர்ன் ஐந்து விரல்களை நான்கு முறை விரித்துக் காட்டிப் பின் ஒரு விரலை நீட்டினார். இருபத்தோராண்டு! கணக்குச் சரியே. அதே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்கவே சினங்கொண்டு வசைச்சொல் ஒன்றை வீசினார். பழகிப்போன வசை தடையின்றி வந்தது. நினைத்ததைச் சொல்லத்தான் இயலவில்லை.

சில நாட்களில் அவர் இறந்தார். மூளையைப் பார்த்தபோது, இடது நெற்றிமடலில் கோழிமுட்டை கொள்ளுமளவு பள்ளம் இருந்தது. அம்மடலின் கீழ்ப்பின் பகுதியே இன்று புரோக்கா பகுதி எனப்படுகிறது. இங்கே சேதமுற்றவர் பெரும்பாலும், "மகன்... பஸ்... நேற்று..." எனத் திணறித் திணறிப் பேசுவார். பொருட்சொற்கள் வரும், அவற்றை வாக்கியமாகக் கோக்கும் சொற்களும் விகுதிகளும் நழுவும். நாம் சொல்வதைப் பெரிதும் புரிந்துகொள்வார். தம் குறையையும் அறிவார். ஆகவே துயரமும் மிகுதி.

1874இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான பேச்சிழப்பை விளக்கினார். சேதம் இடது பொட்டுமடலின் மேற்புறத்தில், காதுக்குச் சற்றுப் பின்னே அமைவது. பேச்சு வெள்ளமாய் வரும். ஏற்ற இறக்கமும் கெடாது. ஆனால், "சன்னலைக் குடித்துவிட்டு அவர்களுக்கு நாளையே நடந்து வைத்தேன்" என்பதுபோல் இருக்கும். (இது விளக்கத்துக்காக நான் புனைந்தது.) பிறர் சொல்வதும் விளங்காது, தம் பேச்சு பிழைபட்டது என்பதையும் பல வேளை உணரமாட்டார்.

இவ்விருவருள் பின்னவருக்கே ஆபத்து அதிகம் என்பது என் கருத்து. காரணம் உடலமைப்பில் இருக்கிறது. புரோக்கா பகுதிக்கு அண்மையில் உடலின் வலப்பாகத்தை இயக்கும் பகுதி உள்ளது. ஆகவே அங்கு இரத்தக்குழாய் அடைபட்டால் வலக்கையும் வாயோரமும் தளர்ந்து, பக்கவாதம் என வீட்டாரே கண்டுகொள்வர். வெர்னிக்கே பகுதியின் சேதத்தில் கைகால்கள் பெரும்பாலும் நன்றாகவே இயங்கும். திடீரென உளறுகிறாரே எனச் சித்தப்பிரமை என்று எண்ணிக் காலங்கடத்திவிடுவர். "கண்ணை மூடுங்கள்", "கூரையைக் காட்டுங்கள்" எனச் சைகையின்றிச் சொல்லிப் பார்த்தால் ஐயம் எழும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

லெபோர்னின் மூளையைப் புரோக்கா அறுக்காமல் பாதுகாத்தது நல்லதாயிற்று. 2007இல் காந்தப் படக்கருவியால் அதை ஆராய்ந்தபோது, சேதம் மேற்பரப்போடு நில்லாமல் ஆழத்தில், மூளையின் முன்பின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைக் கற்றை வரை சென்றிருந்தது தெரிந்தது. புரோக்கா பகுதி மட்டும் கெட்டால் பேச்சு ஓரளவு விரைவில் மீள்வதும், லெபோர்னுக்கு இறுதிவரை மீளாததும் ஏன் என்பது இதனால் விளங்குகிறது.