வருமானம் இரட்டித்தால் ஆயுள் எத்தனை ஆண்டு கூடும்?

ஏழை நாடுகளுக்கிடையே தலா வருமானத்தில் சிறு வித்தியாசம் இருந்தாலே சராசரி ஆயுளில் பெரிய வித்தியாசம் தெரியும். பணக்கார நாடுகளுக்கிடையே அதே தொகை ஆயுளில் அநேகமாக எதையும் மாற்றுவதில்லை. அமெரிக்க மக்கள்தொகை ஆய்வாளர் சாமுவேல் பிரஸ்டன் 1975இல் வெளியிட்ட புகழ்பெற்ற வளைகோடு காட்டுவது இதைத்தான்: முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு படுத்துவிடும் கோடு.

இந்த வளைவை நேர்கோடாக்க, வருமானத்துக்கு மட்டும் மடக்கை எடுத்தால் போதும். ஆயுள் ஆண்டுக் கணக்கிலேயே இருக்கும். செமி-லாக் மாதிரிகளில் இந்த வகைக்கு லெவல்-லாக் என்று பெயர். கேப்மைண்டர் தரவில் 2007ஆம் ஆண்டுக்கான 142 நாடுகளுக்கு இதைப் பொருத்தினால், இயல் மடக்கையின் குணகம் சுமார் 7.2 என்று வருகிறது.

அந்த 7.2 தனியாக நின்றால் யாருக்கும் எதுவும் சொல்லாது. மடக்கை ஒன்று கூட வேண்டுமானால் வருமானம் சுமார் 2.72 மடங்காக வேண்டும். அப்படி யாரும் யோசிப்பதில்லை. இரட்டிப்பு எல்லோருக்கும் புரியும். 2இன் இயல் மடக்கை 0.693. அதை 7.2ஆல் பெருக்கினால் 5. அதாவது, இரு மடங்கு வருமானமுள்ள நாட்டில் சராசரி ஆயுள் ஏறக்குறைய 5 ஆண்டு அதிகம். 1,000 டாலருக்கும் 2,000 டாலருக்கும் இடையே உள்ள அதே 5 ஆண்டுதான் 20,000த்துக்கும் 40,000த்துக்கும் இடையிலும். ஆனால் 20,000த்தோடு வெறும் 1,000 டாலர் சேர்ந்தால் கிடைப்பது நான்கு மாதம்தான்.

பெருக்கும் வேலையே வேண்டாமென்றால் 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையைக் கொடுத்துவிடலாம்:

```r
lm(lifeExp ~ log2(gdpPercap), data = d2007)
```

இப்போது குணகமே 5 என்று வரும். கோடு மாறாது, கணிப்பும் மாறாது. மாறுவது அளவுகோல் மட்டுமே.

அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. குணகத்தை 100ஆல் வகுத்தால் 1 சதவீத உயர்வின் பலன் கிடைக்கும் என்ற குறுக்குவழி சிறிய மாற்றங்களுக்குச் சரி. 1 சதவீதத்துக்கு 0.072 ஆண்டு, அதாவது 26 நாள். அதையே 100 சதவீதத்துக்கு நீட்டினால் இரட்டிப்பின் பலன் 7.2 ஆண்டு என்றாகிவிடும். சரியான விடையைவிட இது இரண்டு ஆண்டுக்கும் மேல் கூடுதல். பெரிய மாற்றங்களுக்கு மடக்கையைக் கணக்கிட்டே ஆக வேண்டும். பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எல்லா நாடுகளும் கோட்டின் மேல் அமர்வதில்லை. 2007இல் தென்னாப்பிரிக்காவின் தலா வருமானம் சுமார் 9,270 டாலர். கோடு கணித்த ஆயுள் 70க்கும் மேல். உண்மையில் இருந்தது 49. அந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம் எய்ட்ஸ்.

எனவே இந்த 5 ஆண்டு என்பது நாடுகளுக்கிடையே காணும் வித்தியாசம். ஒரு நாட்டின் வருமானத்தை இரட்டித்தால் கிடைக்கும் என்ற உறுதிமொழி அல்ல. 1930களுக்கும் 1960களுக்கும் இடையே உலகின் ஆயுள் உயர்ந்ததில் 75 முதல் 90 சதவீதம் வருமானத்துக்கு வெளியே உள்ள காரணங்களால் வந்தது என்று கணக்கிட்டவரும் அதே பிரஸ்டன்தான்.