பெயர் ஒன்று, பாட்டில் வேறு

தொண்டை கரகரக்கிறது. அலமாரியில் பழுப்பு நிற மருந்து இருக்கிறது. லேபிளில் போவிடோன் அயோடின் என்று போட்டிருக்கிறது. அதில் வாய் கொப்பளிக்கலாமா? பெயரையும் நிறத்தையும் மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. பெயருக்குப் பக்கத்தில் உள்ள சதவீதத்தையும், எதற்கான மருந்து என்ற வரியையும் படிக்க வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் போவிடோன் பல வடிவங்களில் கிடைக்கிறது. 2 சதவீதம், 'கார்கிள்' என்று இருந்தால் அது கொப்பளிக்க. 5 அல்லது 10 சதவீதக் கரைசல் தோலுக்கும் காயத்துக்கும். 7.5 சதவீத 'ஸ்க்ரப்' அறுவை சிகிச்சைக்கு முன் கை கழுவுவது. நுரைப்பதற்கான பொருள் சேர்ந்திருப்பதால் அதைக் காயத்தில் ஊற்றக் கூடாது. மூன்றும் பழுப்புதான்.

குளோர்ஹெக்சிடின் இன்னும் குழப்பும். 0.2 சதவீதம் என்றால் பல் மருத்துவர் எழுதித்தரும் மவுத்வாஷ். அதே குளோர்ஹெக்சிடின் செட்ரிமைடுடன் சேர்ந்து காயம் கழுவும் திரவமாகவும், ஆல்கஹாலுடன் சேர்ந்து கைகளில் தேய்க்கும் மருந்தாகவும் வருகிறது. இவை வாய்க்குள் போகக் கூடாது. கண்ணிலும் காதுக்குள்ளும் குளோர்ஹெக்சிடின் படவே கூடாது. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில், பிறந்த குழந்தையின் தொப்புளில் தடவத் தந்த 7.1 சதவீத மருந்தைக் கண் சொட்டு மருந்தென்று நினைத்துக் கண்ணில் விட்டதால் கடுமையான பாதிப்புகள் ஏற்பட்டன. உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விடுத்தது. பாட்டில்கள் ஒரே மாதிரி இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும் ஸ்பிரிட்டில்தான் ஆபத்து அதிகம். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில், யாரும் குடித்துவிடாதபடி பெரும்பாலும் மெத்தனால் போன்ற நச்சைக் கலந்திருப்பார்கள். சிலவற்றில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இருக்கும். மெத்தனாலைக் குடித்தவர் முதல் சில மணி நேரம் லேசான போதையோடு நன்றாகவே தெரிவார். உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறியபின்தான் வாந்தி, மூச்சிரைப்பு, பார்வை மங்கல் எல்லாம் வரும். அதற்குள் கண் நரம்பு கெட்டிருக்கலாம், உயிரே போகலாம். ஆகவே ஸ்பிரிட்டைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். அடுப்பு, விளக்குப் பக்கமும் வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும்.

இந்த மூன்றில் எதுவும் விழுங்குவதற்கானது அல்ல. வாய்க்கென்று விற்கும் கார்கிளையும் மவுத்வாஷையும்கூடக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். தைராய்டு நோயாளிகளும் கர்ப்பிணிகளும் போவிடோனைத் தொடர்ந்து பயன்படுத்தும் முன் மருத்துவரைக் கேட்கட்டும்.

யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; திரவம் நுரையீரலுக்குள் போய்விடும். ஸ்பிரிட் என்றால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள், மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்பதை வைத்துத்தான் மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்வார்.