அறைத்தோழருக்கு ஒரு சீட்டு

ஒரே வீட்டில் தங்கும் இருவர் சேர்ந்து சமைத்தால் செலவு குறையும். ஆனால் ஒருவர் ஜிம்முக்குப் போய் நாளுக்கு நான்கு முட்டை சாப்பிட, மற்றவர் இரண்டோடு நிறுத்தினால், மாதக் கடைசியில் மனஸ்தாபம்தான். அதைத் தவிர்க்க, முதல் தேதியே ஃப்ரிட்ஜ் கதவில் இப்படி ஒரு சீட்டு ஒட்டலாம்:

"மச்சி, அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ் பாதிப் பாதி. முட்டை, சிக்கன், சோயா பொதுவில் வாங்கலாம். ஆனால் அவரவர் எடுத்த அளவுக்குக் காசு. எடுத்ததும் இதிலேயே கோடு போடு. புரோட்டீன் பவுடர் அவரவர் சொந்தம்."

முட்டைக் கணக்கு எளிது. 7 ரூபாய் வீதம் 90 முட்டை 630 ரூபாய். 60 சாப்பிட்டவர் 420, 30 சாப்பிட்டவர் 210.

சிக்கி நிற்பது சிக்கன்தான். வெந்தால் நீர் வற்றி, 1 கிலோ கறி ஏறக்குறைய 750 கிராமாகிவிடும். கிலோ 300 ரூபாய்க்கு வாங்கியதை வெந்த பிறகு நிறுத்து அதே விலை போட்டால் 225 ரூபாய்தான் வரும். மீதி 75 வாங்கியவர் தலையில். ஆகவே பச்சையாகவே எடை போட்டு, 200 கிராம் பொட்டலங்களாக்கி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு பொட்டலம், ஒரு கோடு, 60 ரூபாய். சோயாவையும் ஊறவைக்கும் முன்பே நிறுங்கள். ஊறினால் எடை பல மடங்காகும்.

விருந்தாளி சாப்பிட்டது அழைத்தவர் கணக்கில். இதையும் சீட்டில் எழுதிவிடுங்கள்.