சுவரை ஒட்டிய சாய்ப்பு: ஒழுகும் இடம் தகரத்தில் இல்லை, மூலையில் இருக்கிறது

வங்கியில் இருந்த காலத்தில் கறவை மாட்டுக் கடன் கொடுத்த வீடுகளைப் பார்வையிடப் போவேன். பெரும்பாலான இடங்களில் கொட்டகை தனியாக இருக்காது. வீட்டுச் சுவரையோ களஞ்சியத்துச் சுவரையோ ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு இறக்கியிருப்பார்கள். ஒரு பக்கம் தூண் செலவு மிச்சம் என்பார்கள். ஆனால் தகரமும் சுவரும் சேரும் அந்த ஒரு கோட்டில் சுவர் கறுத்து, பூச்சு உப்பிக்கொண்டு நிற்கும். சுவருக்கு மறுபக்கம் விதை நெல் வைத்திருந்தால் சேதம் மாட்டோடு நிற்காது. ஓதம் ஏறிய அறையில் விதையின் முளைப்புத்திறன் போய்விடும்.

என் தோட்டத்திலும் விதை அறையின் வெளிச்சுவரை ஒட்டித்தான் மாடுகளுக்குச் சாய்ப்பு போட்டேன். 20 அடி நீளம், சுவரிலிருந்து வெளியே 10 அடி. அதை எப்படிப் போட்டோம் என்று சொன்னால் மற்றவர்களும் தங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் வாட்டம். தண்ணீர் வேகமாக ஓடிவிட்டால் ஓட்டையைத் தேட அதற்கு நேரம் இருக்காது. நாங்கள் போட்டது வண்ணப் பூச்சுள்ள, மேடு பள்ளமாக மடித்த தகரம். இதற்கு 10 அடிக்கு 2 அடி இறக்கம் வைத்தோம். சுவர்ப் பக்கம் 9 அடி உயரம், முன்பக்கம் 7 அடி. சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் இன்னும் ஒரு அடியாவது கூடுதல் இறக்கம் வேண்டும். அதற்குச் சுவரில் உயரம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வாட்டத்தைக் கணக்குப் போட்ட பிறகுதான் தகரத்தின் நீளம். நம் கணக்கில் சாய்வு நீளம் 10 அடி 2 அங்குலம் வருகிறது. முன்னால் முக்கால் அடி நீட்டிக்கொண்டிருக்க 11 அடித் தகரம் சரியாகப் போகும். ஒரே நீளமாக வெட்டி வாங்கிவிட்டால் நடுவில் ஒட்டுப்போட வேண்டியதில்லை. ஒட்டு இல்லாத இடத்தில் ஒழுக்கும் இல்லை.

அடுத்தது தாங்கல். எங்கள் சுவர் பழைய நாட்டுச் செங்கல் சுவர். இப்படிப்பட்ட சுவரில் ஆங்கர் போல்ட் அடித்துச் சட்டத்தைத் தொங்கவிட்டால், பாரத்தைக்கூடத் தாங்கும், காற்றைத் தாங்காது. முன்பக்கம் திறந்த சாய்ப்புக்குள் புயல் காற்று புகுந்தால் கூரையை மேல்நோக்கித் தூக்கும். செங்கலோடு போல்ட் பிடுங்கிக்கொண்டு வரும். 2018 கஜா புயலில் டெல்டாவில் தகரங்கள் பறந்ததை நாம் மறக்கவில்லை. அதனால் சுவரோரம் மூன்று தூண், முன்னால் மூன்று தூண் என்று இரும்புத் தூண்களைக் குழி எடுத்துக் கான்கிரீட்டில் நிறுத்தினோம். கூரையின் பாரம் முழுவதும் தூண்களில்தான். சுவருக்கு மழையைத் தடுக்கும் வேலை மட்டும். தூணின் அடியைத் தரைக்கு மேல் ஒரு அடி வரை கான்கிரீட்டில் மூடிவிட்டோம். கோமியம் பட்டால் இரும்பு அடியில்தான் முதலில் அரிக்கும்.

தூண்களின் மேல் முன்னும் பின்னும் விட்டம். அவற்றின் மேல் சுவரிலிருந்து முன்பக்கம் இறங்கும் சட்டங்கள் 5 அடிக்கு ஒன்றாக ஐந்து. செவ்வகக் குழாய் என்றால் அகலப் பக்கம் செங்குத்தாக நிற்கவேண்டும். படுக்க வைத்தால் வளையும். அதன் குறுக்கே, சுவருக்கு இணையாக, ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய் நான்கு வரிசை. வரிசைக்கு வரிசை சுமார் 3 அடி 4 அங்குலம். 'நடுவில் ஒன்றை எடுத்துவிடலாம் சார்' என்றார் வெல்டர். ஒரு குழாய்தான் மிச்சமாகும், ஆனால் இடைவெளி 5 அடியாகிவிடும். ஆள் ஏறி மிதித்தால் தகரம் குழிந்து, அந்தக் குழியில் தண்ணீர் நின்று, ஸ்குரூ ஓட்டை வழியே இறங்கும். நான்காகவே வைத்தோம்.

தகரத்தை மழைக்காற்று வரும் பக்கத்துக்கு எதிர் முனையிலிருந்து அடுக்கத் தொடங்குங்கள். அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பு காற்றுக்கு முகம் காட்டாது. எங்களுக்கு மழை வடகிழக்கிலிருந்து. ஸ்குரூவை மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் தண்ணீர் ஓடும். ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் முறுக்கினால் மேடு நசுங்கி, வாஷர் கிழியும்.

இப்போது அந்த மூலை. வழக்கமாகக் கொத்தனார் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் சிமெண்ட் கலவையை அப்பிவிடுவார். அடுத்த கோடையிலேயே அது விரிந்துவிடும். காரணம் எளிது. விடியல் குளிருக்கும் நடுப்பகல் வெயிலுக்கும் தகரத்தின் சூடு 40 டிகிரி மாறினால், 20 அடி நீளத் தகடு சுமார் 3 மி.மீ. நீளும். சுவர் அவ்வளவு அசையாது. நடுவில் மாட்டிய சிமெண்ட்தான் உடையும். அதனால் இரண்டு தகடுகள் போட்டோம்.

முதல் தகடு 'எல்' வடிவம். ஒரு பக்கம் கூரைத் தகரத்தின் மேல் 8 அங்குலம் படுத்திருக்கும், மறுபக்கம் சுவரோரம் 6 அங்குலம் எழுந்து நிற்கும். இதைக் கூரையோடு மட்டும் ஸ்குரூ போட்டோம், சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. அதற்கு முன் ஒவ்வொரு கூரைத் தகரத்தின் மேல் முனையிலும் பள்ளத்தை இடுக்கியால் ஒரு அங்குலம் மேலே மடித்துவிட்டோம். காற்று தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளினாலும் அந்த மடிப்பு தடுத்துவிடும்.

இரண்டாவது தகடு சுவருக்குச் சொந்தம். 'எல்' தகட்டின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே, கட்டிங் மெஷினால் சுவரில் ஒரு அங்குல ஆழக் காடி வெட்டினோம். காடி உள்ளே போகப்போக லேசாக மேல்நோக்கி இருக்கவேண்டும், அப்போதுதான் உள்ளே நுழைந்த தண்ணீர் வெளியே வழியும். காடியைத் துடைத்து, மடித்த தகட்டின் விளிம்பை உள்ளே செருகி, சிறு தகர ஆப்புகளால் இறுக்கி, வாயை ரப்பர் போல் நெகிழும் சீலன்டால் மூடினோம். இந்தத் தகடு கீழே இறங்கி 'எல்' தகட்டை 4 அங்குலம் மூடிக்கொண்டு நிற்கிறது, அதோடு ஒட்டவில்லை. கூரை அசைந்தால் 'எல்' தகடு உள்ளே நழுவும், எதுவும் கிழியாது. தகட்டைத் துண்டு துண்டாகச் சேர்த்தால் ஒன்றன்மேல் ஒன்று அரை அடியாவது ஏற வேண்டும்.

வேலை முடிந்ததும் மழைக்குக் காத்திருக்காமல் குழாயால் சோதியுங்கள். கீழிருந்து மேலே போகவேண்டும். முதலில் கூரைத் தகரத்தில் பத்து நிமிடம், பிறகு மூலைத் தகட்டில், பிறகு அதற்கு மேல் சுவரில், கடைசியாகக் கைப்பிடிச் சுவரின் உச்சியில். எந்தக் கட்டத்தில் ஈரம் தெரிகிறதோ அங்கேதான் குறை. கடைசிக் கட்டத்தில் ஈரம் வந்தால் தகட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். கைப்பிடிச் சுவர் விரிசல் வழியே தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்குகிறது, அதைப் பூசாமல் எந்தத் தகடும் உதவாது.

மார்கழி விடியலில் மழையே இல்லாமல் சொட்டினால் அது ஒழுக்கு இல்லை. மாடுகளின் மூச்சு குளிர்ந்த தகரத்தில் படிந்து சொட்டுவது. மூலையில் மட்டும் இல்லாமல் கூரை முழுக்கச் சொட்டும், வெயில் ஏறியதும் நின்றுவிடும். பக்கவாட்டில் காற்றோட்டம் கொடுத்தால் குறையும். காடியின் சீலன்டை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், விரலால் அழுத்திப் பாருங்கள். சுவரை விட்டு விலகியிருந்தால் பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடையுங்கள். அதற்கு ஒரு காலை நேரம் போதும்.