ஐந்து காயின், ஒரே பந்தயம்

2020 மார்ச் 12. கொரோனா பீதியில் உலகச் சந்தைகள் சரிந்துகொண்டிருந்த அந்த ஒரே நாளில், எட்டாயிரம் டாலரை ஒட்டி விற்ற பிட்காயின் ஐயாயிரத்துக்குக் கீழே போனது. ஈதர் நாற்பது சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பிட்காயினில் பாதி, ஈதரில் பாதி என்று பணத்தைப் பிரித்து வைத்திருந்தவருக்கு அந்தப் பிரிவினை எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை.

காரணம் எளிது. கடன் வாங்கி வர்த்தகம் செய்பவர்கள் ஒரு காயினை ஈடாகக் காட்டி இன்னொன்றை வாங்குகிறார்கள். ஈடு மதிப்பிழந்ததும் எக்ஸ்சேஞ்ச் அவர்கள் கையிலிருப்பதைத் தானாகவே விற்கிறது. அந்த விற்பனை மற்ற காயின்களையும் இழுக்கிறது. 2025 அக்டோபர் 10-இல் அமெரிக்க அதிபர் டிரம்ப் சீனப் பொருட்கள் மீது 100 சதவீதக் கூடுதல் வரியை அறிவித்தபோது, இப்படிக் கட்டாயமாக மூடப்பட்ட வர்த்தகங்களின் மதிப்பு 1,900 கோடி டாலரைத் தாண்டியது. சாதாரண வாரங்களில் தத்தம் போக்கில் நகரும் காயின்கள்கூட இத்தகைய நாளில் சேர்ந்தே விழுகின்றன.

இது ஒரு சிறு முதலீட்டாளரின் கணக்கில் எப்படித் தெரியும்? அவரிடம் 5 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வர்த்தகத்தில் 2 சதவீதம், அதாவது 10,000 ரூபாய்க்கு மேல் இழப்பதில்லை என்பது அவர் விதி. சோலானாவை 12,500 ரூபாய்க்கு வாங்குகிறார். 11,250-இல் ஸ்டாப் லாஸ் வைக்கிறார். ஒரு காயினுக்கு 1,250 ரூபாய் ஆபத்து என்பதால், பத்தாயிரத்தை அதனால் வகுத்து 8 காயின் வாங்குகிறார். முதலீடு ஒரு லட்சம். இதுவரை எல்லாம் ஒழுங்கு. பிறகு இதே அளவில், இதே பத்து சதவீத ஸ்டாப்புடன் பிட்காயின், ஈதர், அவலாஞ்ச், செயின்லிங்க் நான்கையும் சேர்க்கிறார். ஒவ்வொன்றும் விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் ஐந்து ஸ்டாப்பும் ஒரே மாலையில் அடிபட்டால் போவது 50,000 ரூபாய், கணக்கில் பத்து சதவீதம்.

ஐந்தும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நகர்ந்தால் மொத்த ஆபத்தின் அளவு சுமார் 22,400 ரூபாய்தான். அவற்றின் தொடர்பு எண் 0.8 என்றால் அதே கணக்கு 45,800 வரை போகிறது. நேராகக் கூட்டினால் வரும் 50,000-த்துக்கு அது வெகு அருகில். ஆகவே காயின்களைப் பொறுத்தவரை நுணுக்கமான சூத்திரம் வேண்டியதில்லை. ஒவ்வொரு வர்த்தகத்திலும் வாங்கிய விலைக்கும் ஸ்டாப்புக்கும் உள்ள இடைவெளியை எண்ணிக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் அப்படியே கூட்டிவிடலாம். அதுவே நேர்மையான கணக்கும்கூட.

கூட்டிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். 1980-களில் ரிச்சர்ட் டென்னிஸ் பயிற்றுவித்த 'டர்டில்' வர்த்தகர்கள் ஒரு சந்தையில் நான்கு யூனிட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. நெருங்கிய தொடர்புள்ள சந்தைகள் எல்லாம் சேர்ந்து ஆறைத் தாண்டக் கூடாது. அலெக்சாண்டர் எல்டர் சொல்லும் வரம்பு ஆறு சதவீதம். அந்த மாதத்தில் ஏற்கெனவே இழந்ததும் அதில் அடக்கம்.

நம்மவர் கணக்கில் ஆறு சதவீதம் 30,000 ரூபாய். மூன்று காயினோடு இடம் நிறைந்துவிடுகிறது. சோலானா 15,000-க்கு ஏறி, ஸ்டாப்பை வாங்கிய விலைக்கே அவர் உயர்த்திய பிறகுதான் பத்தாயிரம் ரூபாய்க்கு இடம் காலியாகும். நான்காவது காயின் அதுவரை காத்திருக்க வேண்டும்.

இங்கே ஓர் ஓட்டை உண்டு. பெரும் சரிவில் வாங்க ஆள் இல்லாதபோது ஸ்டாப் 11,250-இல் நிறைவேறாது, அதற்கு வெகு கீழேதான் நிறைவேறும். எக்ஸ்சேஞ்ச் தளமே முடங்குவதும் உண்டு. அதனால் ஸ்டாப்பே இல்லை என்று வைத்து இரண்டாவது வரம்பு போட வேண்டும். எல்லாம் நாற்பது சதவீதம் விழுந்தால் என்ன ஆகும்? மூன்று லட்சம் ரூபாய் காயினில் 1,20,000 போய்விடும். கணக்கில் 15 சதவீதம், அதாவது 75,000 வரைதான் தாங்க முடியும் என்று அவர் முடிவு செய்தால், மொத்தக் கையிருப்பு 1,87,500-ஐத் தாண்டக் கூடாது. காயின் ஒன்றுக்கு 62,500. சோலானா எட்டு அல்ல, ஐந்து. இரண்டு வரம்புகளில் எது கடுமையானதோ அதையே பின்பற்ற வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஐந்தில் நான்கு நட்டத்தில் முடிந்தாலும், ஐந்தாவதன் லாபத்துக்கு முழு வரியும் கட்டியாக வேண்டும்.